காபி ஆறட்டும், அப்புறம் மார்க் போடலாம்

காபின்னா ஆவி பறக்கணும், நாக்கைச் சுடணும். நம்ம ஊர்ல இதுதான் சட்டம். ஆறிப்போன காபியை யாரும் காபியாகவே மதிக்கிறதில்லை. "பச்சத் தண்ணி மாதிரி ஆயிடுச்சு, திரும்ப சூடு பண்ணு" என்று திருப்பி அனுப்பிவிடுவோம். ஆனால் காபிக்கொட்டையை ருசி பார்த்துத் தரம் பிரிப்பதையே வேலையாக வைத்திருப்பவர்கள் நேர் எதிராக நடந்துகொள்கிறார்கள். கப் ஆறும் வரை காத்திருந்து, உடம்புச் சூட்டுக்குக் கீழே வந்த பிறகுதான் சில முக்கியமான மதிப்பெண்களைப் போடுகிறார்கள்.

அந்த மதிப்பெண்ணில் ஒரு விவசாயியின் ஒரு வருஷ உழைப்பு இருக்கிறது. அதனால் "ஆறினால் ஏன் ருசி மாறுகிறது" என்பது வெறும் ரசனைக் கேள்வி மட்டும் இல்லை. முதலில் அந்த டேபிளில் என்ன நடக்கிறதுன்னு பார்ப்போம், அப்புறம் காரணத்துக்கு வருவோம்.

கப்பிங் டேபிள்

இந்த ருசி பார்க்கும் முறைக்குப் பெயர் கப்பிங். ஸ்பெஷாலிட்டி காபி அசோசியேஷன் என்ற அமைப்பின் 100 மார்க் படிவம் பல வருஷங்களாக உலகம் முழுக்கப் பயன்பட்டது. இப்போது அவர்களே புதிய முறைக்கு மாறி வருகிறார்கள். ஆனால் சூட்டுக்கும் ருசிக்கும் உள்ள உறவைப் புரிந்துகொள்ள அந்தப் பழைய படிவத்தை மாதிரி இன்னொன்று கிடையாது.

செய்முறை ரொம்ப சிம்பிள். ஒரே கொட்டையில் ஐந்து கப். ஒவ்வொரு கப்பிலும் 8.25 கிராம் தூள், அதன் மேல் 93 டிகிரி வெந்நீர் 150 மில்லி. பாலும் சர்க்கரையும் கிடையாது, ஃபில்டரும் கிடையாது. நாலு நிமிஷம் கழித்து மேலே மிதக்கும் தூளை ஸ்பூனால் உடைத்து வாசனை பார்ப்பார்கள். அப்புறம் நுரையை எடுத்துவிட்டுக் காத்திருப்பார்கள்.

சுமார் 71 டிகிரிக்கு வந்ததும் முதல் வாய். அப்போது பார்ப்பது மொத்த ருசியும், விழுங்கின பிறகு வாயில் நிற்கும் ருசியும். 71-லிருந்து 60 வரை இறங்கும்போது புளிப்பு, கனம், சமநிலை மூன்றுக்கும் மார்க். 38 டிகிரிக்குக் கீழே வந்த பிறகுதான் இனிப்பு, சுத்தம், ஐந்து கப்பும் ஒரே மாதிரி இருக்கிறதா என்ற மூன்றும். நடுநடுவே திரும்பத் திரும்பக் குடித்து, முன்னாடி போட்ட மார்க்கைத் திருத்துவதும் உண்டு. 21 டிகிரி ஆனதும் ஆட்டம் முடிந்தது.

கடைசியாகச் சொன்ன மூன்றுக்கும் தலா 10 மார்க். அதாவது ஒரு கப்புக்கு 2. ஆக, 100-க்கு 30 மார்க் ஆறின காபியில் தீர்மானமாகிறது. 80 வாங்கினால் 'ஸ்பெஷாலிட்டி', அதற்குக் கீழே போனால் சாதாரணச் சரக்கு. சூடாக இருக்கும்போது 84 வரும் போலத் தெரிந்த ஒரு காபியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறின பிறகு ஐந்தில் ஒரே ஒரு கப்பில் மட்டும் லேசான பூஞ்சை வாடை தெரிகிறது. சுத்தத்தில் 2 போச்சு, ஒரே மாதிரி இல்லாததால் இன்னொரு 2 போச்சு, குறைக்காகத் தனியாக இன்னொரு 2 கழியும். 84 இப்போது 78. கொட்டை அதேதான், கப்பும் அதேதான். முதல் வாயில் தெரியாத ஒன்று அரை மணி நேரம் கழித்துத் தெரிந்தது, அவ்வளவுதான்.

எவ்வளவு நேரம் ஆகும்?

நாம இன்ஜினியரிங் பசங்க, அதனால் ஒரு ஈக்வேஷன் இல்லாமல் விட மனசு வரல. ஃபர்ஸ்ட் இயரில் படித்த நியூட்டனின் குளிர்தல் விதிதான்:

T(t) = Tr + (T0 − Tr) · e^(−kt)

இதில் Tr அறையின் வெப்பநிலை, T0 ஊற்றியபோது இருந்த சூடு. 25 டிகிரி ஏசி ரூமில் 93-ல் ஊற்றிய கப் 9 நிமிஷத்தில் 71-க்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். k நிமிஷத்துக்கு 0.043 என்று வரும். அதை வைத்து மேலே போனால், 60 டிகிரியைத் தொட 15 நிமிஷம், 38-ஐத் தொட 38 நிமிஷம். அதாவது முதல் 15 நிமிஷத்தில் 33 டிகிரி இறங்கிய கப், அடுத்த 22 டிகிரிக்கு 23 நிமிஷம் எடுத்துக்கொள்கிறது.

இதே கப்பை ஏசி இல்லாத 30 டிகிரி ரூமில் வைத்தால் 38-க்கு வர 48 நிமிஷம் ஆகும். 21 டிகிரிக்கு வரவே வராது! மே மாசத்து சென்னையில் கப்பிங் செய்தால் கடைசி கட்டம் நடக்கவே நடக்காது. (நிஜ கப் சூடாக இருக்கும்போது ஆவியாவதாலும் வெப்பத்தை இழக்கிறது. அதனால் ஆரம்பத்தில் இந்தக் கணக்கை விடக் கொஞ்சம் வேகமாகவே ஆறும்.)

சரி, இந்த நாற்பது நிமிஷத்தில் கப்புக்குள் என்ன மாறியது? புளிப்பு தரும் சிட்ரிக், மாலிக் அமிலங்கள் எளிதில் ஆவியாகிறவை இல்லை. முதல் நிமிஷத்தில் எவ்வளவு இருந்ததோ, கிட்டத்தட்ட அவ்வளவேதான் கடைசியிலும். சர்க்கரையும் எங்கிருந்தோ புதிதாக வந்து விழப்போவதில்லை. கப்பை விட்டு நிஜமாகவே வெளியேறுவது வாசனைதான். மற்ற மாற்றமெல்லாம் நம்ம வாயிலும் மூக்கிலும் நடக்கிறது.

சூடு ஒரு திரை

வாயில் சூட்டை உணரும் நரம்பு முனைகளில் டி.ஆர்.பி.வி 1 என்று ஒரு புரோட்டீன் இருக்கிறது. சுமார் 43 டிகிரியைத் தாண்டினால் அது "சுடுது" என்று மூளைக்கு மணி அடிக்கும். இதை 1997-ல் கண்டுபிடித்தது டேவிட் ஜூலியஸின் குழு. அதற்காக அவருக்கு 2021-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. வேடிக்கை என்னன்னா, அவர்கள் தேடிக்கொண்டிருந்தது சூட்டை இல்லை, மிளகாய்க் காரத்தை. இரண்டுக்கும் ஒரே மணிதான். மிளகாய் பஜ்ஜியைக் கடித்துவிட்டு உடனே கொதிக்கக் கொதிக்கக் காபி குடித்தால் எரிச்சல் தாறுமாறாக ஏறுவது இதனால்தான்.

65 டிகிரி காபியைக் குடிக்கும்போது இந்த மணி அடித்துக்கொண்டே இருக்கும். அதன் சத்தத்தில் புளிப்பு, இனிப்பு மாதிரி மெல்லிய சமாச்சாரங்கள் காதில் விழாது. இன்னொன்றையும் கவனியுங்கள். சூடாக இருக்கும்போது நாம் சின்னச் சின்ன வாயாக உறிஞ்சி, நாக்கில் நிற்க விடாமல் உடனே விழுங்கிவிடுகிறோம். ருசி நாக்கில் பதியவே நேரம் கொடுப்பதில்லை. 45 டிகிரியில் அதே காபியை நிதானமாக வாய் முழுக்கச் சுழற்ற முடியும்.

மூக்கின் கதை இதற்கு இணையாக ஓடுகிறது. சூடு ஏற ஏற வாசனைப் பொருட்கள் அதிகமாக ஆவியாகும். எவ்வளவு வித்தியாசம் வரும் என்பதற்குத் தண்ணீரையே உதாரணமாக எடுத்துக்கலாம். 70 டிகிரியில் அதன் ஆவியழுத்தம் சுமார் 31 கிலோபாஸ்கல், 30 டிகிரியில் 4 கிலோபாஸ்கல்தான். ஏழில் ஒரு பங்குக்கு இறங்கிவிடுகிறது. வாசனைப் பொருட்களும் இதே திசையில்தான் போகும், அளவுதான் ஒவ்வொன்றுக்கும் மாறும்.

அதனால் சூடான கப்பில் மூக்கை நிறைப்பது எளிதில் ஆவியாகிற வறுத்த வாசனை. தெருமுனையில் காபி அரைக்கும்போது நம்மை நிறுத்துகிற அதே வாசனை. "கசப்பு, கனம், ஸ்ட்ராங்" என்று நாம் சொல்வதில் பாதி இதன் வேலை. அது அடங்கினதும், அதுவரை பின்னால் நின்றவர்கள் முன்னால் வர இடம் கிடைக்கிறது.

இல்லாத சர்க்கரையின் இனிப்பு

இப்போது உண்மையான புதிர். சர்க்கரை போடாத காபியில் இனிப்பு எங்கிருந்து வருகிறது?

பச்சை அராபிகா கொட்டையில், ஈரத்தைக் கழித்துப் பார்த்தால், எடையில் 6 முதல் 9 சதவீதம் வரை சுக்ரோஸ் இருக்கிறது. ரொபஸ்டாவில் இதைவிடக் குறைவு. ஆனால் வறுக்கும்போது அதில் பெரும்பகுதி உடைந்து, நிறமாகவும் வாசனையாகவும் அமிலமாகவும் மாறிப்போகிறது. கப்பில் மிஞ்சுவது நாக்கு இனிப்பென்று கண்டுபிடிக்கும் அளவைவிடக் குறைவு. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் டிரிப் காபியின் எளிய சர்க்கரைகளை அளந்து பார்த்தபோதும் இதுதான் தெரிந்தது. குடித்தவர்கள் இனிப்பு என்றார்கள், ஆனால் அளந்த சர்க்கரை நாக்கு உணரும் எல்லைக்குக் கீழே இருந்தது.

அப்போ அந்த இனிப்பு பெரும்பாலும் மூக்கு கொடுக்கும் இனிப்பு. சர்க்கரை வறுத்தெடுத்தால் வரும் காரமல் வாசனைக்குக் காரணமான ஃபுரனியால் என்ற பொருள் காபியிலும் இருக்கிறது. அது தண்ணீரோடு ஒட்டிக்கொள்ளும் ரகம், அவ்வளவு சீக்கிரம் பறந்து போகாது. எளிதில் ஆவியாகிறவை போன பிறகும் அது கப்பில் தங்கும். காபி வாய்க்குள் போனதும் தொண்டை வழியாகப் பின்பக்கமாக மூக்கை எட்டும். பல வருஷமாக அந்த வாசனையைச் சர்க்கரையோடு சேர்த்தே அனுபவித்த மூளை, "இனிப்பு" என்று முடிவு கட்டிவிடும். கசப்பும் சூடும் அடங்கியிருந்தால்தான் இந்த முடிவுக்கு அது வரும்.

நாக்குக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. இனிப்பு செல்களுக்குள் டி.ஆர்.பி.எம் 5 என்று ஒரு சேனல் இருக்கிறது. இனிப்பு வந்து சேர்ந்த செய்தியை மின்சிக்னலாக மாற்றுவது அதுதான். 15-லிருந்து 35 டிகிரிக்குப் போகும்போது அதன் வேகம் பெரிய அளவில் ஏறுகிறது என்று பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகக் குழு 2005-ல் எலிகளை வைத்துக் காட்டியது. உருகின ஐஸ்கிரீம் திகட்டுவதும், ஜில்னு இருக்கும்போது சரியாக இருந்த கூல் டிரிங்க்ஸ் சூடானதும் பாகு மாதிரி ஆவதும் இதனால்தான்.

இங்கே ஒரு குழப்பம் வரணும். சூடு ஏறினால்தான் இனிப்பு கூடும் என்றால், ஆற ஆற இனிப்பு தெரிகிறதுன்னு எப்படிச் சொல்றோம்? இரண்டுமே சரி, எல்லைகள்தான் வேறு. 43-க்கு மேலே சுடும் மணி மறைக்கிறது. 35-க்குக் கீழே இனிப்புச் சேனலே மெதுவாகிறது. நடுவில், அதாவது உடம்புச் சூட்டைச் சுற்றி, ஒரு ஜன்னல் திறக்கிறது. கப்பிங்கில் இனிப்புக்குக் குறித்த 38 டிகிரியும் அந்த ஜன்னலில்தான் வந்து நிற்கிறது.

புளிப்பு மட்டும் ஏன் தங்குகிறது?

புளிப்புக்கு வேறு வழி. அமிலத்தின் புரோட்டான்கள் ஓட்டோபெட்ரின் 1 என்ற தனிச் சேனல் வழியாக நேரே செல்லுக்குள் நுழைகின்றன. டி.ஆர்.பி.எம் 5-ன் தயவு அதற்குத் தேவையில்லை. கசப்புக்கோ இனிப்பு மாதிரியே அந்தத் தயவு வேண்டும்.

1987-ல் கிரீன், ஃபிராங்க்மன் என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். மனிதர்களின் நாக்கையே குளிரவைத்து ருசி பார்க்கச் சொன்னார்கள். சர்க்கரையின் இனிப்பும் காஃபீனின் கசப்பும் குறைந்தன. சிட்ரிக் அமிலத்தின் புளிப்பு பெரிதாக அசையவில்லை.

இதைக் காபிக்குப் பொருத்திப் பாருங்கள். 60-லிருந்து 40-க்கு வரும்போது சூட்டின் திரை விலகி, புளிப்பும் இனிப்பும் சேர்ந்தே வெளியே வருகின்றன. இரண்டும் கைகோத்து நிற்பதால் ஆரஞ்சு மாதிரி, திராட்சை மாதிரி ஒரு பழ ருசி. அதற்கும் கீழே 30, 25 என்று போனால் இனிப்பும் கசப்பும் பின்வாங்கும், புளிப்பு மட்டும் தனியாக நிற்கும். அதனால்தான் 45 டிகிரியில் "அட, ஜூஸ் மாதிரி இருக்கே" என்ற அதே ஆள், கப்பின் அடியில் மிச்சமிருந்ததைக் குடித்துவிட்டு "ஒரே புளிப்பு" என்கிறார்.

நீங்களே செய்து பார்க்க

இதற்கு லேப் வேண்டாம். ஒரு தெர்மாமீட்டர், ஒரு நல்ல ஃபிளாஸ்க், ஒரே மாதிரி இரண்டு டம்ளர் போதும். சிக்கரி கலக்காத, மிதமாக வறுத்த அராபிகாத் தூள் 15 கிராமுக்கு 250 மில்லி வெந்நீர். நாலு நிமிஷம் ஊறவிட்டு வடிகட்டுங்கள். பாதியை ஃபிளாஸ்கில் ஊற்றி மூடுங்கள், பாதியை டம்ளரில் ஆறவிடுங்கள்.

டம்ளர் 40 டிகிரிக்கு வந்ததும் இரண்டையும் ருசி பாருங்கள். இரண்டு வேறு காபி மாதிரி இருக்கும். இப்போது ஃபிளாஸ்கில் உள்ளதை இரண்டாவது டம்ளரில் ஊற்றி, பச்சத் தண்ணீர்ப் பாத்திரத்தில் வைத்து, அதையும் 40-க்குக் கொண்டுவாருங்கள். டம்ளரில் ஆறினதையும் கொஞ்சம் சூடேற்றித் திரும்ப 40-லேயே வைத்துக்கொள்ளுங்கள். இப்போது இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடும். மூடி வைத்ததில் வாசனை மட்டும் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். புளிப்பும் இனிப்பும் வேறுபட்டதற்குக் காரணம் காபி இல்லை, சூடுதான் என்பதற்கு இதைவிட நேரான சாட்சி இல்லை.

இதே சோதனையை ஃபிளாஸ்கில் மூன்று, நாலு மணி நேரம் வைத்துச் செய்தால் விடை வேறு. ஒரே சூட்டில் வைத்துப் பார்த்தாலும் ஃபிளாஸ்க் காபி புதுக் காபியைவிடப் புளிக்கும். சூட்டிலேயே நீண்ட நேரம் இருந்தால், வறுக்கும்போது உருவான சில பொருட்கள் தண்ணீரோடு சேர்ந்து உடைந்து குவினிக் அமிலமாக மாறுகின்றன. அது நிஜமாகவே கூடின புளிப்பு. மீட்டிங் ஹால் ஃபிளாஸ்க் காபியின் மர்மம் இதுதான். ஆறிய காபியின் புளிப்பு நம்ம நாக்கின் விஷயம், ஃபிளாஸ்க் காபியின் புளிப்பு கெமிஸ்ட்ரி.

ஆறின கப் என்ன சொல்கிறது?

ஆறின கப்பில் புளிப்போடு இனிப்பும் சேர்ந்து வந்தால் கொட்டையும் சரி, நீங்க போட்ட விதமும் சரி. புளிப்பு மட்டும் கூர்மையாகக் குத்தி, இனிப்பே இல்லாமல் தண்ணியாக இருந்தால் தூளின் சாறு முழுக்க இறங்கவில்லை. தூளை இன்னும் நைசாக அரையுங்கள், இல்லை தண்ணீரை இன்னும் சூடாக ஊற்றுங்கள். சாம்பல் மாதிரி, கருகின மாதிரி இருந்தால் வறுவல் கடந்துபோயிருக்கிறது. அதை நீங்க வீட்டில் சரி செய்ய முடியாது. மண் வாடை, பூஞ்சை வாடை வந்தால் கொட்டை உலர்ந்த விதத்திலோ சேமித்த விதத்திலோ தப்பு. இதெல்லாம் சூடான முதல் வாயில் வறுத்த வாசனைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கும்.

அப்போ நம்ம ஃபில்டர் காபியையும் ஆறவைத்துக் குடிக்கணுமா? வேண்டாம். அது வேறு கணக்கு. டிகாஷனுக்குப் போகும் தூள் பெரும்பாலும் நல்லா வறுத்தது, வறுக்க வறுக்க சிட்ரிக் மாதிரியான அமிலங்கள் குறைந்துவிடும். கூடவே கசப்புக்கும் கனத்துக்கும் சிக்கரி. மேலே பாலும் நிஜ சர்க்கரையும் வேற. ஆறினால் வெளியே வர அதற்குள் பழப் புளிப்பு எதுவும் காத்திருக்கவில்லை. அதன் பலமே வாசனை, அந்த வாசனையைத் தூக்கிக்கொண்டு வருவது சூடு. சூடு போனால் கசப்பும் பாலாடையும்தான் மிச்சம். டபராவில் இரண்டு ஆத்து ஆத்தி, சுடாத ஆனால் மணக்கிற சூட்டில் குடிப்பது அந்தக் காபிக்குச் சரியான முறைதான்.

பிளாக் காபி கையில் கிடைக்கும் நாளில் மட்டும் ஒன்று செய்யுங்கள். ஒரே கப்பை 60-ல் ஒரு வாய், 45-ல் ஒரு வாய், 35-ல் ஒரு வாய் குடியுங்கள். தெர்மாமீட்டர் இல்லையா? நாக்கைச் சுடும்போது ஒன்று, இதமாக இருக்கும்போது ஒன்று, வாயில் சூடும் தெரியாமல் குளிர்ச்சியும் தெரியாமல் இருக்கும்போது ஒன்று. முதல் வாய் வாசனையைச் சொல்லும், இரண்டாவது புளிப்பைச் சொல்லும். மூன்றாவது வாயில் இனிப்பு மிச்சமிருந்தால், அந்தக் கொட்டைக்குக் கொடுத்த காசு வீண் போகல.